கண்டி வைத்தியசாலைகளில் கேட்கப்படும் கேள்விகளும் தமிழில் சொல்லப்படாத பதில்களும்

2022 மார்ச் இறுதியில் பேராதனை போதனா வைத்தியசாலையில் மருந்துத் தட்டுப்பாட்டினால் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்டன. அப்போது கொழும்பில் இருந்த இந்திய வெளிவிவகார அமைச்சர் ஜெய்சங்கர், அந்தச் செய்தியைப் பார்த்துவிட்டு உதவி செய்யுமாறு தமது உயர்ஸ்தானிகருக்குப் பணித்ததாக டுவிட்டரில் எழுதினார். அடுத்த வருடம் ஏப்ரலில் அதே வைத்தியசாலையின் பெயர் மீண்டும் தலைப்புச் செய்தியானது. பிரசவ சத்திரசிகிச்சைக்காக முள்ளந்தண்டில் விறைப்பு ஊசி ஏற்றப்பட்ட பின் நேர்ந்த உயிரிழப்பைத் தொடர்ந்து, புபிவகேய்ன் என்ற மருந்தின் பாவனை இடைநிறுத்தப்பட்டது. ஜூலையில் வயிற்று உபாதையோடு அங்கு அனுமதிக்கப்பட்டிருந்த 21 வயது யுவதி, ஊசி ஏற்றப்பட்ட பின் உயிரிழந்தார்.

ஊடகக் கற்கை படித்தவன் என்ற பழக்கத்தில் இந்தச் செய்திகளை அண்மையில் மீண்டும் வரிசையாக வாசித்தேன். மருந்தின் பெயர், அதைத் தயாரித்த நாடு, கேள்விமனு, அமைச்சரின் பதில் எல்லாம் அவற்றில் உண்டு. நோயாளியின் கட்டிலில் தொங்கும் தாள்களைப் பற்றி மட்டும் அநேகமாக எதுவும் இல்லை. சத்திரசிகிச்சைக்குப் போகும் ஒருவரைச் சுற்றி மூன்று தாள்கள் நிரப்பப்படுகின்றன. முதலாவதை விடுதியில் தாதி நிரப்புகிறார், அது தியேட்டருக்கு அனுப்புவதற்கு முந்தைய சரிபார்ப்பு. இரண்டாவது, தியேட்டருக்குள் எல்லோரும் சேர்ந்து வாய்விட்டுச் சொல்லும் பாதுகாப்புப் பட்டியல். மூன்றாவது, மயக்கம் தெளியும் அறையில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுதப்படும் அவதானிப்புத் தாள்.

இந்த மூன்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. முக்கியமான தகவல்களில் பாதியை எந்த இயந்திரமும் தராது, நோயாளியின் வாயிலிருந்துதான் அவை வரவேண்டும். கண்டியில் அந்த வாய் பல வேளைகளில் தமிழ் பேசுகிறது, கேட்கும் காது பல வேளைகளில் சிங்களம் மட்டுமே அறிந்தது. இந்த வைத்தியசாலை, அந்த விடுதி என்று குறிப்பிட்டுக் குற்றஞ்சாட்டுவது என் நோக்கமல்ல. ஒரு கேள்வி எந்த இடத்தில் தவறிப்போகிறது, அதனால் உடம்புக்கு என்ன நேரலாம் என்பதை ஒரு நோயாளியோடு கூடவே நடந்து பார்ப்போம்.

ஓர் உதாரண நோயாளி

இவர் குறிப்பிட்ட எவரும் அல்ல, ஆனால் இவரைப் போன்றவர்களை நம்மில் பலருக்குத் தெரியும். கலஹாவில் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். 1977 வன்செயலுக்குப் பிறகு பெற்றோரோடு கிளிநொச்சிப் பக்கம் போய்க் குடியேறியவர். 2009இல் ஷெல் விழுந்ததில் வலது தொடையிலும் இடுப்புக்குச் சற்று மேலே முதுகிலும் காயம்பட்டவர். வன்னியில் சொல்வதுபோல, உடம்புக்குள் இன்னும் ‘பீஸ்’ இருக்கிறது. இப்போது வயது ஐம்பத்தைந்து, தெல்தோட்டையில் சகோதரியின் வீட்டில் இருக்கிறார். பிரஷருக்குக் குளிசை குடிக்கிறார். இடது கவட்டில் குடலிறக்கம், அதாவது ஹேர்னியா. அதற்கான சத்திரசிகிச்சை கண்டியிலுள்ள ஓர் அரச வைத்தியசாலையில் காலை 9 மணிக்கு. முள்ளந்தண்டில் விறைப்பு ஊசி போட்டு, வலை வைத்துத் தைப்பது திட்டம்.

‘சாப்பிட்டீர்களா?’

விடுதித் தாதியின் தாளில் முதல் வரிசையில் இருக்கும் கேள்விகளுள் ஒன்று கடைசியாக எப்போது உணவு என்பது. பொது விதி இது: திட உணவுக்கு 6 மணித்தியாலம், பால் கலந்த பானத்துக்கும் அதே 6 மணித்தியாலம், தண்ணீர் அல்லது பால் சேராத பிளேன்டிக்கு 2 மணித்தியாலம். பால் வயிற்றுக்குள் போனதும் திரைந்து கட்டியாகிவிடுவதால் வயிறு அதைச் சோறுபோலவே நடத்துகிறது. மயக்கத்தில் தொண்டையின் காவல் தளர்ந்துவிடும். வயிற்றில் உள்ளது மேலே வந்து சுவாசப்பைக்குள் இறங்கினால் அந்த அமிலம் சுவாசப்பையை வேகவைத்துவிடும். விறைப்பு ஊசிதானே, மயக்கம் இல்லையே என்று நினைக்கலாம். ஊசி சரியாகப் பிடிக்காவிட்டால் நடுவில் முழு மயக்கத்துக்கு மாறவேண்டி வரும் என்பதால் பட்டினி விதி இதற்கும் பொருந்தும்.

நமது ஆள் காலை 5 மணிக்குப் பால் தேத்தண்ணி குடித்திருக்கிறார். தாதி சிங்களத்தில் ‘கேம கேவத?’ என்று கேட்கிறார். சாப்பாடு சாப்பிட்டீர்களா என்று பொருள். இவர் ‘நே’ என்கிறார். பொய் சொல்லவில்லை. நமக்குத் தேத்தண்ணி சாப்பாடு அல்ல, அதைக் குடித்ததாகத்தான் சொல்வோம். கேள்வி சரியாகத்தான் கேட்கப்பட்டது, பதிலும் உண்மையாகத்தான் சொல்லப்பட்டது. தாளில் மட்டும் பிழையான தகவல் விழுந்துவிட்டது. 9 மணிக்கு அவரது வயிற்றில் பால் போய் நான்கு மணித்தியாலமே ஆகியிருக்கும்.

இதைத் தடுக்கும் வழி மிகச் சிறியது. ஆம், இல்லை என்று முடியும் கேள்வியைக் கேட்காமல், ‘இரவிலிருந்து இதுவரை வாயில் என்னென்ன போட்டீர்கள், எத்தனை மணிக்கு?’ என்று கேட்கவேண்டும். பதிலில் பால் தேத்தண்ணி தானாகவே வந்துவிடும். அப்படி வந்தால் சத்திரசிகிச்சையை ரத்துச் செய்யவேண்டும் என்பதில்லை. அன்றைய பட்டியலில் அவரை 11 மணிக்குப் பின் தள்ளிப் போடுவது பெரும்பாலும் போதும். அதிகாலைப் பாலை மறைத்தால் முறை தவறாமல் இருக்கும் என்று எண்ணுபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் காப்பாற்றிக்கொள்வது இரண்டு மணித்தியாலம். அதற்குப் பணயம் வைப்பது சுவாசப்பை.

ஒரே பெயர், எதிர்ப்பக்கம்

அடுத்தது ஆளை அடையாளம் காண்பது. நமது பெயர்களில் தந்தையின் பெயர் முதலெழுத்தாகச் சுருங்கிவிடுகிறது. சிங்களத்தில் அல்லது ஆங்கிலத்தில் எழுதும்போது ஒரே பெயர் இரண்டு மூன்று விதமாக எழுதப்படுகிறது. ஒரே விடுதியில் ஒரே பெயரோடு இரண்டு பேர் இருப்பது தோட்டப்புறத்துக்கு அருகிலுள்ள வைத்தியசாலைகளில் அபூர்வம் இல்லை. ஆகவே பெயர் மட்டும் ஒருபோதும் போதாது. கையில் கட்டிய பட்டியிலும் கட்டில் சீட்டிலும் உள்ள இலக்கமும் ஒத்துப்போகவேண்டும். இங்கேயும் கேள்வியின் வடிவம் முக்கியம். பெயரைச் சொல்லி ‘நீங்கள்தானே?’ என்று கேட்டால், பதட்டத்தில் இருப்பவர், மொழி புரியாதவர், காது மந்தமானவர் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள். ‘உங்கள் பெயர் என்ன?’ என்று கேட்டால் தலையாட்ட முடியாது.

பக்கத்தைப் பற்றிய கேள்வியில் கண்டிக்கே உரிய ஒரு பொறி இருக்கிறது. தமிழில் ‘வலம்’ என்றால் வலது. சிங்களத்தில் ‘வம’ என்றால் இடது. ஒலியில் அண்டை வீட்டார், பொருளில் நேரெதிர். சிங்களம் அரைகுறையாகத் தெரிந்த நோயாளியும், தமிழ் அரைகுறையாகத் தெரிந்த தாதியும் ஒருவருக்கொருவர் உதவ முனையும்போதுதான் இப்படியான பிழை நிகழ வாய்ப்பு அதிகம். எனவேதான் இந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்வது போதாது. நோயாளி விழித்திருக்கும்போதே தன் கையை வைத்து இடத்தைக் காட்டவேண்டும், சத்திரசிகிச்சை செய்யும் வைத்தியர் அழியாத பேனையால் அங்கே அடையாளம் போடவேண்டும். தியேட்டருக்குத் தள்ளிக்கொண்டு போகும்வரை உங்கள் உடம்பில் அந்த அடையாளம் போடப்படவில்லையென்றால், கேட்பதற்கு நீங்கள் தயங்கவேண்டியதில்லை.

‘பீஸ்’ எங்கே இருக்கிறது?

போரிலிருந்து மீண்ட வாசகர்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டிய கேள்வி இது. சரிபார்ப்புத் தாளில் உடம்புக்குள் உலோகம் ஏதும் உண்டா என்று ஒரு வரி இருக்கும். அது எலும்பில் வைத்த தகடு, திருகு, இதயத்தில் பொருத்திய கருவி ஆகியவற்றை மனதில் வைத்து எழுதப்பட்ட வரி. ஷெல் துண்டும் சன்னமும் அதற்குள் அடங்கும் என்று நோயாளிக்கும் தோன்றுவதில்லை, கேட்பவருக்கும் தோன்றுவதில்லை.

ஏன் அது தெரியவேண்டும்? இரத்தக் கசிவை நிறுத்தத் தியேட்டரில் மின்சாரத்தால் சுடும் கருவி ஒன்றைப் பயன்படுத்துவார்கள். டயதெர்மி என்பது அதன் பெயர். மின்சாரம் கருவியின் முனையிலிருந்து உடம்புக்குள் போய், தொடையிலோ பிட்டத்திலோ ஒட்டியிருக்கும் அகலமான தகடு ஒன்றின் வழியாக வெளியேறுகிறது. முனை சிறியது என்பதால் அந்த இடம் சுடுகிறது. தகடு அகலமானது என்பதால் அங்கே வெப்பம் பரவிப்போய்விடும். இது நடக்கவேண்டுமானால் தகடு முழுவதும், நல்ல தசையும் குருதியோட்டமும் உள்ள தோலில் படிந்திருக்கவேண்டும். தடித்த தழும்பின்மேல் ஒட்டினால் சரியாகப் படியாது, மின்சாரம் ஒரு சிறு இடத்தின் வழியாகப் போய் அங்கே தோலைச் சுட்டுவிடும். அடியில் உலோகம் இருந்தாலும், மின்சாரம் போகும் வழியில் உலோகம் கிடந்தாலும் வெப்பம் அங்கே குவியலாம். எனவே தழும்பையும் உலோகத்தையும் விட்டு விலகி ஒட்டுவது விதி.

நமது ஆளுக்கு இடது கவட்டில் சத்திரசிகிச்சை. வலது தொடையில் தழும்பும் பீஸும் உள்ளன. அந்தத் தொடை துணியால் மூடியிருக்கிறது. தாளில் உலோகம் இல்லை என்று இருக்கிறது. தகடு வலது தொடைக்குப் போய்விட வாய்ப்பிருக்கிறது. சொல்லியிருந்தால் இடது தொடைக்கோ வேறு பொருத்தமான இடத்துக்கோ மாறியிருக்கும், அவ்வளவுதான். சத்திரசிகிச்சை முடிந்து தகட்டைக் கழற்றும்போது தாதி அந்தத் தோலைப் பார்த்துக் குறிப்பெழுதவேண்டும். சிவப்பு, கொப்புளம், வெளிறிய வட்டம் எதுவாயினும் அது எரிகாயமாக இருக்கலாம். விறைப்பு ஊசியால் காலில் உணர்வு இல்லாததால் நோயாளிக்கு அது அப்போது தெரியாது. மறுநாள் தொடை எரிகிறது என்று சொன்னால் யாரும் அதை டயதெர்மியோடு இணைத்துப் பார்க்காமல் போகலாம்.

முதுகுக் காயமும் சொல்லப்படவேண்டியது. ஊசி போகவேண்டிய இடத்தின் அருகே துண்டு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஒரு எக்ஸ்ரே தேவைப்படலாம். காலில் ஏற்கெனவே மரத்துப்போன பகுதி இருந்தால் அதை ஊசிக்கு முன்பே எழுதிவைக்க வேண்டும். இல்லாவிட்டால், ஊசியின் விளைவு இறங்கிய பின் எஞ்சும் மரப்பு பழையதா புதியதா என்று எவராலும் சொல்ல முடியாது.

இனி ஏன் சொல்லாமல் விடுகிறார்கள் என்பதற்கு வருவோம். மறதி ஒரு காரணம், பதினைந்து வருடமாகத் தொந்தரவு தராத துண்டு மறந்துபோகும். பயம் பெரிய காரணம். தழும்பைப் பார்த்து விசாரிக்கப்பட்ட, பதியப்பட்ட, தனியாக நிறுத்தப்பட்ட அனுபவம் நம் மக்களிடம் ஆழமாக இருக்கிறது. சிங்களம் பேசும் சீருடைக்காரர் ஒருவர் ‘இது என்ன காயம்?’ என்று கேட்டால், ‘விழுந்தது’ என்று சொல்வது பலருக்குப் பழகிப்போன தற்காப்பு. தாதியின் சீருடை வேறு என்பது மூளைக்குத் தெரிந்தாலும் நாக்கு பழைய பதிலையே சொல்கிறது.

இதற்கு அறிவுரை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஒரு வேறுபாட்டை இருதரப்பும் தெளிவாக வைத்துக்கொள்ளலாம். சத்திரசிகிச்சைக்குத் தேவைப்படுவது உலோகம் எங்கே இருக்கிறது என்பது மட்டுமே. அது எப்படி, எந்த வருடம், எங்கே வைத்து வந்தது என்பது தேவையில்லை. ‘வலது தொடையிலும் முதுகிலும் உலோகத் துண்டு இருக்கிறது’ என்ற ஒரு வசனம் முழுமையான மருத்துவப் பதில். கேட்பவரும் அத்தோடு நிறுத்திக்கொண்டால், அடுத்த நோயாளி சொல்லத் துணிவார். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கப் போகிறவர்களும் இதே வசனத்தைக் கட்டாயம் சொல்லவேண்டும். அந்தக் காந்தம் இரும்புத் துண்டை நகர்த்தக்கூடியது, கண்ணுக்கு அருகே துண்டு உள்ளவர்களுக்கு அது பார்வையையே பறிக்கலாம்.

தியேட்டருக்குள் பத்தொன்பது கேள்விகள்

உலக சுகாதார நிறுவனம் 2008இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியல் பத்தொன்பது விடயங்களைக் கொண்டது. மூன்று இடங்களில் எல்லோரும் கையிலிருப்பதை நிறுத்திவிட்டு அதைச் சொல்லவேண்டும்: விறைப்பு ஊசிக்கு அல்லது மயக்கத்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறுவதற்கு முன். டெல்லி, மணிலா, அம்மான், லண்டன் உட்பட எட்டு நகரங்களில் இது பரீட்சிக்கப்பட்டு 2009 ஜனவரியில் முடிவுகள் வெளியாகின. சத்திரசிகிச்சைக்குப் பிந்தைய மரணம் 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகவும், பெரிய சிக்கல்கள் 11 வீதத்திலிருந்து 7 வீதமாகவும் குறைந்திருந்தன. இலங்கை வைத்தியசாலைகளிலும் இதன் வடிவங்கள் பாவனைக்கு வந்தன.

அதன் மறுபக்கமும் தெரியவேண்டும். கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் 101 வைத்தியசாலைகளில் பட்டியலைக் கட்டாயமாக்கிய பின் நடந்த ஆய்வு 2014இல் வெளிவந்தது. அங்கே மரணத்திலும் சிக்கல்களிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் காணப்படவில்லை. இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தாளில் ‘சரி’ அடையாளம் போடுவதும் கேள்வியைக் கேட்பதும் இருவேறு செயல்கள் என்றே நான் விளங்கிக்கொள்கிறேன். மூன்றாம் கட்டத்தின் பெட்டிகளும் சத்திரசிகிச்சை முடியுமுன்பே நிரம்பியிருந்தால், எல்லா அடையாளங்களும் ஒரே மூச்சில் ஒரே பேனையால் விழுந்திருந்தால், அங்கே எதுவும் கேட்கப்படவில்லை என்று தெரிந்துகொள்ளலாம்.

முதல் கட்டத்தின் முதல் கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியவர் விழித்திருக்கும் நோயாளியே: ஆள் யார், எந்தப் பக்கம், என்ன சத்திரசிகிச்சை, சம்மதம் தந்தாரா. ஆகவே மொழி தெரிந்த ஒருவர் தேவைப்படுவது சம்மதப் பத்திரத்தில் கையொப்பம் வாங்கும்போது மட்டுமல்ல, இந்த நிமிடத்திலும்தான். 1987இன் 13ஆம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அந்த உரிமை பெயர்ப்பலகையில் எழுதப்பட்டிருப்பதை விட, தியேட்டர் வாசலில் நிற்கும் இந்த ஒரு நிமிடத்தில் கிடைப்பது பெறுமதியானது.

அதே கட்டத்தில் ஒவ்வாமை பற்றியும் கேட்கிறார்கள். நாம் ‘அந்த மருந்து எனக்கு ஒத்துக்கொள்ளாது’ என்கிறோம். வயிற்றைப் புரட்டியதும் ஒத்துக்கொள்ளாததுதான், உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டியதும் ஒத்துக்கொள்ளாததுதான். முதலாவது தொந்தரவு, இரண்டாவது உயிராபத்து. எனவே மருந்தின் பெயரோடு, குடித்தபோது என்ன நடந்தது என்பதையும் சொல்லவேண்டும். கத்தி வைப்பதற்கு முந்தைய 60 நிமிடத்துக்குள் கிருமிநாசினி ஊசி ஏற்றப்பட்டதா என்பது இரண்டாம் கட்டக் கேள்வி. ஒவ்வாமை பற்றிய பதில் வேலைக்கு வரும் இடம் அதுதான்.

பட்டியலால் முடியாதது என்ன என்பதற்குப் பேராதனையின் 2023 ஏப்ரல் பாடமாகிறது. மருந்துக் குப்பியின் பெயரையும் அளவையும் காலாவதித் திகதியையும் சரிபார்த்தால், தவறான குப்பி கையில் வருவதைத் தடுக்கலாம். சரியான பெயரோடு வந்த குப்பிக்குள் இருப்பது தரமானதா என்பதை எந்தத் தாதியாலும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அது இறக்குமதி, பதிவு, பரிசோதனை சார்ந்த அரசின் பொறுப்பு. ஆனால் தியேட்டர் தாளில் குப்பியின் தொகுதி இலக்கமும் ஏற்றிய நேரமும் எழுதப்பட்டிருந்தால், ஒரு நோயாளிக்கு விபரீதம் நடந்ததும் அதே தொகுதியை ஏற்றிக்கொண்ட மற்றவர்களைத் தேட முடியும், அடுத்தவருக்கு ஏற்றுவதை நிறுத்த முடியும். அந்த இலக்கம் இல்லாத தாளை வைத்துக்கொண்டு பின்னர் எந்த விசாரணைக் குழு கூடினாலும் அது நினைவுகளைத்தான் விசாரிக்கும்.

ஒரே அமைதியின்மை, இரண்டு காரணங்கள்

நமது ஆள் இப்போது தெளிவறையில். முதலில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை, நிலைமை சீரானதும் 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாடித் துடிப்பு, குருதி அமுக்கம், மூச்சின் எண்ணிக்கை, ஒட்சிசன் அளவு, விழிப்பு, வலி, கட்டின் ஈரம், காலின் அசைவு ஆகியவை எழுதப்படும். ஒவ்வொரு எண்ணும் ஒரு புள்ளிதான். தாதியின் கண் தேடுவது புள்ளிகளைச் சேர்த்தால் வரும் சரிவை.

ஒரு மணித்தியாலம் கழித்து அவர் புரள்கிறார், எழ முயல்கிறார். அமைதியின்மை என்று தாளில் எழுதப்படுகிறது. இதற்கு இரண்டு காரணங்களை எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, உள்ளே இரத்தம் கசிகிறது. நாடி 78இலிருந்து 96, 114, 126 என்று ஏறும். குருதி அமுக்கத்தின் மேல் எண் முதலில் தாக்குப்பிடித்துவிட்டு 130இலிருந்து 122, 108, 92 என்று இறங்கும். நாடி 96 ஆன அந்த நிமிடத்தில் அமுக்கம் இன்னும் நல்லபடியாகத்தான் தெரியும், ஆனால் எச்சரிக்கை அப்போதே வந்துவிட்டது. கை குளிர்ந்து வியர்க்கும், கவடு அல்லது விதைப்பை வீங்கும், மூச்சு வேகமாகும். விறைப்பு ஊசியே ஆரம்பத்தில் அமுக்கத்தை இறக்கும் என்பதால் இறக்கத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்க முடியாது. அமுக்கம் இறங்க நாடியும் ஏறிக்கொண்டே போவதுதான் பயப்படவேண்டிய சோடி.

இரண்டாவது, சிறுநீர்ப்பை நிரம்பிவிட்டது. விறைப்பு ஊசியும் கவட்டுச் சத்திரசிகிச்சையும் சேரும்போது, குறிப்பாக வயது கூடிய ஆண்களுக்கு, சிறுநீர் அடைப்பது சாதாரணமாக நடப்பது. ஊசி இறங்கும்வரை முட்டுவதும் தெரியாது. இங்கேயும் நாடி 78இலிருந்து 92, 98 என்று ஏறும், ஆனால் அமுக்கம் இறங்காமல் 130இலிருந்து 146, 158 என்று மேலே போகும். தொப்புளுக்குக் கீழே கையை வைத்தால் இறுகிய பந்துபோலத் தட்டுப்படும். அரை லீற்றருக்கு மேல் தேங்கியிருக்கலாம். ஒரு குழாயை விட்டு வெளியேற்றினால் சில நிமிடங்களில் ஆள் அமைதியாகிவிடுவார்.

அவர் தமிழில் ‘மூத்திரம் முட்டுது, போக வருகுதில்லை’ என்று திரும்பத் திரும்பச் சொல்கிறார். அது புரியாவிட்டால் கிடைப்பது வலி ஊசி. அந்த ஊசி அவரைத் தூங்கவைக்கும், மூச்சைக் குறைக்கும். சிறுநீர்ப்பை மேலும் விரியும். அளவுக்கு மீறி விரிந்த பை பல நாட்களுக்குச் சுருங்க மறுத்துவிடலாம். மொழி புரியாத தாதிக்கும் ஒரு வழி உண்டு: மேலே சொன்ன சரிவைப் படிப்பது, வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது, கடைசியாகச் சிறுநீர் போன நேரத்தைத் தாளில் தேடுவது. அந்த நேரம் எழுதப்படவேண்டிய இடம் விடுதியில் நிரப்பிய முதலாவது தாள். தியேட்டருக்கு அனுப்புமுன் சிறுநீர் கழித்தாரா என்ற சாதாரணக் கேள்வியின் பயன் இங்கேதான் தெரிகிறது.

வலியைப் பற்றி ஒரு வார்த்தை. பூச்சியத்திலிருந்து பத்துக்குள் எவ்வளவு என்று கேட்கும்போது, பெரிய காயங்களை மருந்தில்லாமல் தாங்கிய ஒருவர் ‘பரவாயில்லை’ என்றே சொல்லப் பழகியிருப்பார். அந்தப் ‘பரவாயில்லை’ ஓர் எண் அல்ல. ஆழமாக மூச்செடுக்க முடிகிறதா, இருமும்போது கையால் கட்டைப் பிடிக்கிறாரா என்று பார்ப்பது அதைவிட நம்பத்தக்க பதில் தரும்.

கட்டில் சீட்டோடு ஒரு தாள்

நோயாளியின் பக்கத்திலிருந்து செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. அனுமதிக்கப்படுவதற்கு முதல் நாள் வீட்டில் ஒரு தாளை எடுத்து, தமிழிலும் பக்கத்தில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ இவற்றை எழுதலாம்: முழுப்பெயரும் அடையாள அட்டை இலக்கமும், என்ன சத்திரசிகிச்சை, எந்தப் பக்கம், உடம்புக்குள் உலோகம் எங்கே இருக்கிறது, ஏற்கெனவே மரத்துப்போன இடம் எது, குடிக்கும் குளிசைகளின் பெயர்கள், முக்கியமாக இரத்தம் உறையாமலிருக்கத் தந்தவை, ஒத்துக்கொள்ளாத மருந்தும் அப்போது நடந்ததும். கடைசியில் இரண்டு வரிகளை வெறுமையாக விடுங்கள்: கடைசியாகச் சாப்பிட்டது, கடைசியாகக் குடித்தது என்ன, எத்தனை மணிக்கு. அவற்றை அன்று காலையில் நிரப்பலாம். அந்தத் தாள் கிளினிக் கொப்பிக்குள் இருக்கட்டும். சிங்களம் தெரிந்த அயலவர், கிராம உத்தியோகத்தர், பாடசாலை ஆசிரியர் யாராவது எழுதித் தருவார்கள். அன்றைக்கு அவர்கள் விடுதி வாசலில் நிற்கவேண்டியதில்லை.

வைத்தியசாலையின் பக்கத்தில் தேவைப்படுவதும் பெரிய செலவுள்ளது அல்ல. இந்தப் பதினைந்து இருபது கேள்விகளைத் தமிழ் எழுத்திலும், தாதி வாசித்துச் சொல்லக்கூடியதாகச் சிங்கள எழுத்தில் தமிழ் ஒலியிலும் அச்சிட்டுப் பிளாஸ்டிக் உறையிட்ட ஓர் அட்டை போதும். அடுத்த கட்டில் நோயாளியையோ சுத்திகரிப்புத் தொழிலாளியையோ மொழிபெயர்க்க அழைப்பது இப்போதுள்ள வழக்கம். மாதவிடாய், கருச்சிதைவு, பழைய காயம் ஆகியவை அப்படியான மூன்றாமவர் முன்னால் சொல்லப்படமாட்டா என்பது இரு பக்கத்துக்கும் தெரியும். தியேட்டர் அட்டவணை தயாரிக்கும்போதே தமிழ் பேசும் நோயாளி யார் என்று ஓர் எழுத்தால் குறித்துவிட்டால், அந்த நேரத்துக்குத் தமிழ் தெரிந்த ஓர் உத்தியோகத்தரை முதலாம் கட்டத்தில் நிறுத்த முடியும்.

மருந்துக் கொள்வனவு ஊழலை நீதிமன்றங்கள் விசாரிக்கட்டும், அது நடக்கவேண்டியது. ஆனால் பால் தேத்தண்ணியையும் தொடையில் இருக்கும் துண்டையும் முட்டும் சிறுநீரையும் எந்த நீதிமன்றமும் முன்கூட்டிக் கண்டுபிடிக்காது. அவை, நோயாளி இன்னும் விழித்திருக்கும்போது, அவருக்குப் புரியும் மொழியில் ஒருவர் கேட்டு, பதிலுக்காகச் சற்றுக் காத்திருந்தால் மட்டும் தாளுக்கு வருபவை.